பகல் வெயிலில் பட்டுபோல் ஓடும் அருவி: என்.டி. ஃபில்டரா, சிறிய அபெர்ச்சரா?

அருவியின் நீர் பட்டு இழைகளாக வழிவதுபோல் படத்தில் தெரிய வேண்டுமானால், ஷட்டர் ஏறத்தாழ கால் வினாடியாவது திறந்திருக்க வேண்டும். நல்ல வெயிலில் அத்தனை நேரம் திறந்து வைத்தால் படம் முழுவதும் வெளுத்து, நீரும் பாறையும் ஒன்றாகக் கரைந்துவிடும். ஆகவே இங்கே தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வேண்டாத வெளிச்சத்தை எந்த இடத்தில் கழிப்பது? கேமராவுக்கு உள்ளே கழிக்க இரண்டு வழிகள் உண்டு. சென்சாரின் ஒளியுணர்வான ஐ.எஸ்.ஓ.வைக் குறைக்கலாம், லென்ஸின் துளையான அபெர்ச்சரைச் சுருக்கலாம். லென்ஸுக்கு முன்னால் கழிப்பதென்றால் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் என்.டி. ஃபில்டர், அல்லது பளபளப்பையும் சேர்த்துக் குறைக்கும் போலரைசர். வெளிச்சத்தைக் கழிக்காமலேயே குறுகிய நேரப் படங்கள் பலவற்றை எடுத்து, பிறகு சராசரியாக்கிச் சேர்ப்பது இன்னொரு வழி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயில் நேராக விழும் அருவிக்கு ஆறு ஸ்டாப் என்.டி. ஃபில்டர்தான் சரி; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் ஒரு முறை பாதியாவது. அபெர்ச்சர் f/8 முதல் f/14 வரைக்குள் இருக்கட்டும், ஐ.எஸ்.ஓ. கேமராவின் இயல்பான குறைந்த அளவில் இருக்கட்டும். அருவி நிழலில் இருந்தால் போலரைசர் ஒன்றே பெரும்பாலும் போதும். அபெர்ச்சரை f/22 வரை சுருக்கிச் சமாளிப்பது இரண்டு நிலைமைகளிலுமே நல்ல வழியல்ல. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு தேவை.

எத்தனை நேரம் திறக்க வேண்டும்?

அரை வினாடி, ஒரு வினாடி என்று பொதுவாகச் சொல்லப்படும் அளவுகள் எல்லா அருவிக்கும் பொருந்துவதில்லை. ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் கீழே வந்து சேர ஏறத்தாழ ஒரு வினாடி ஆகிறது. தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்குப் பத்து மீட்டரை ஒட்டியிருக்கும். அந்த இடத்தில் ஷட்டர் 1/25 வினாடி திறந்திருந்தால் ஒவ்வொரு துளியும் நாற்பது சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போடும். ஐந்து மீட்டர் உயரமுள்ள அருவியில் நாற்பது சென்டிமீட்டர் கோடு உறைந்த துளியாகவும் தெரியாது, இழையாகவும் தெரியாது. கேமரா ஆடியதால் கலங்கிய படம்போலத்தான் அது இருக்கும். அருவிப் படங்களில் பலவும் தோற்பது இந்த நடுத்தரவேகத்தில்தான். 1/60 முதல் 1/15 வினாடி வரையுள்ள பகுதியைத் தாண்டிவிட வேண்டும்.

அதே அருவியில் மூன்றில் ஒரு பங்கு வினாடி திறந்து பாருங்கள். மேல் விளிம்பில் நீர் இப்போதுதான் விழத் தொடங்குகிறது, வேகம் குறைவு. அங்கே கோடு அரை மீட்டர்தான் இருக்கும், அதனால் நீர் விளிம்பைக் கடந்து வளையும் வடிவம் படத்தில் பிழைத்துக்கொள்கிறது. கீழ்ப்பகுதியிலோ கோடு இரண்டரை மீட்டரைத் தாண்டிவிடுகிறது, துளிகள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னி இழையாகிவிடுகின்றன. மேலே வடிவமும் கீழே மென்மையும் சேர்ந்து கிடைக்கும் இந்த அளவைத்தான் நான் மிகவும் விரும்புகிறேன். இதையே ஒரு கைக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். மேல் விளிம்பில் தெரியும் ஒரு நுரைக் கட்டியைக் கண்ணால் பிடித்து, அது கீழே வந்து விழும் வரை எண்ணுங்கள். அந்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் ஷட்டர் நேரம். ஐம்பது மீட்டர் அருவியைத் தூரத்திலிருந்து எடுக்கும்போது நீர் இறங்க மூன்று வினாடிக்கு மேல் ஆகும், எனவே ஒரு வினாடிக்குக் குறையாமல் வேண்டும். பாறைகளின் மேல் மெல்ல வழியும் சிற்றோடைக்கும் அப்படித்தான். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் மூன்றில் ஒரு பங்கு வினாடியில் முப்பது சென்டிமீட்டர்தான் நகர்கிறது. அதற்கு ஒன்று முதல் இரண்டு வினாடி கொடுத்தால்தான் இழை கூடிவரும்.

நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் படம் மேலும் அழகாகிவிடாது. பத்து வினாடி திறந்தால் ஐந்து மீட்டர் அருவி இழை ஏதுமற்ற ஒரு வெள்ளைப் பலகையாகிவிடும். நீரின் கனம் எங்கே அதிகம், எங்கே அது பாறையில் பட்டுப் பிரிகிறது என்பவை எல்லாம் அழிந்துபோகும். பத்து ஸ்டாப் ஃபில்டரை அருவிக்கு நான் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம்.

கேமராவை மட்டும் வைத்துக்கொண்டு எதுவரை போக முடியும்?

நல்ல வெயிலில் அபெர்ச்சர் f/16, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் சரியான ஷட்டர் வேகம் ஏறத்தாழ 1/100 வினாடி. இது பிலிம் காலத்திலிருந்தே புகைப்படக்காரர்கள் கையாண்டுவரும் விதி, இன்றைய கேமராக்களிலும் அப்படியே பொருந்துகிறது. இங்கிருந்து அபெர்ச்சரை இன்னும் ஒரு ஸ்டாப் சுருக்கி f/22-க்குப் போனால் வெளிச்சம் பாதியாகும், ஷட்டர் 1/50 ஆகும். கேமராவில் ஐ.எஸ்.ஓ. 50 இருந்தால் இன்னும் ஒரு ஸ்டாப் கிடைத்து 1/25 ஆகும். அவ்வளவுதான், அதற்கு மேல் சுழற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லை. நமக்குத் தேவையான மூன்றில் ஒரு பங்கு வினாடிக்கு இன்னும் மூன்று ஸ்டாப் பாக்கி இருக்கிறது. போய் நின்ற இடமோ, மேலே சொன்ன அந்தக் கலங்கல் வேகம். வெயிலில் ஃபில்டர் இல்லாமல் பட்டு இழை வராது என்பது இதிலேயே முடிவாகிவிடுகிறது.

வராதது ஒருபுறம் இருக்க, அங்கே போய்ச் சேருவதற்கு நாம் கொடுத்த விலையும் சிறியதல்ல. சிறு துளை வழியாக நுழையும் ஒளி விலகிப் பரவுகிறது. ஒரு புள்ளி ஒளி சென்சாரில் புள்ளியாக விழாமல் சிறு வட்டமாக விழுகிறது. f/8-இல் அந்த வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 11 மைக்ரான், f/22-இல் 30 மைக்ரான். ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரில் 24 மெகாபிக்சல் இருந்தால் ஒரு பிக்சலின் அகலம் நான்கு மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு. அதாவது f/22-இல் ஒவ்வொரு புள்ளியும் ஏழெட்டு பிக்சல் அகலத்துக்குப் பரவிவிடுகிறது. நீர் மென்மையாக இருப்பதால் அங்கே இது தெரியாது. ஆனால் அருவிப் படத்தின் உயிரே மென்மையான நீருக்கும் கூர்மையான பாறைக்கும் உள்ள முரணில்தான் இருக்கிறது. பாசியின் நுனியும் கல்லின் சொரசொரப்பும் மங்கிவிட்டால், நீரின் மென்மையும் சேர்ந்தே எடுபடாமல் போகிறது.

இரண்டாவது இழப்பை வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்க்கும்போதுதான் பலர் கவனிக்கிறார்கள். சென்சார் மேல் இருக்கும் தூசி f/8-இல் கண்ணுக்கே தெரியாது. f/22-இல் வானத்திலும் வெள்ளை நீரிலும் கரும்புள்ளிகளாக எழுந்து நிற்கும். லென்ஸின் முன்கண்ணாடியில் தெறித்த சாரல் துளிகளும் அப்படியே, அகலக்கோண லென்ஸில் இன்னும் மோசம். அருவிக்கு அருகில் நிற்கும்போது சாரல் படாமல் இருக்கப் போவதில்லை என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

எல்லாம் கூர்மையாக விழ வேண்டும் என்பதற்காகச் சிலர் f/22-க்குப் போகிறார்கள். அதற்கும் அவசியமில்லை. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸை f/11-இல் வைத்து, சுமார் 1.8 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால், 0.9 மீட்டரிலிருந்து தொலைவு முழுவதும் ஏற்கத்தக்க கூர்மையில் இருக்கும். காலடிக் கல் முதல் அருவியின் உச்சி வரை அதற்குள் அடங்கிவிடும்.

ஐ.எஸ்.ஓ. பற்றி ஓர் எச்சரிக்கை. பல கேமராக்களில் 50 என்பது உண்மையான ஐ.எஸ்.ஓ. அல்ல. கேமரா 100-இல் ஒரு ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் வாங்கி, பிறகு அதைக் கணக்கில் இறக்கிக் காட்டுகிறது. திரையில் 50-க்குப் பதிலாக L என்றோ Lo என்றோ தெரிந்தால் அது இந்த வகை. இப்படி எடுக்கும்போது மிகப் பிரகாசமான பகுதிகளைக் காக்கும் இடம் ஒரு ஸ்டாப் குறைந்துவிடுகிறது. அருவியில் மிகப் பிரகாசமான பகுதி எது? நாம் எடுக்க வந்த நீரேதான். எனவே வேறெதற்கும் பயன்படுத்தினாலும் வெயில் பட்ட வெண்ணீருக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். நிக்கான் டி850 போன்ற சிலவற்றில் இயல்பான அளவே 64, அங்கே அந்த அளவை அச்சமின்றி வைக்கலாம். இயல்பான அளவு 160-ஆகவோ 200-ஆகவோ இருக்கும் கேமராக்களும் உண்டு. அவற்றில் இந்தக் கணக்குகள் அனைத்திலும் மூன்றில் இரண்டு முதல் ஒரு ஸ்டாப் வரை கூடுதலாகக் கழிக்க வேண்டியிருக்கும்.

எந்த வலிமையில் ஃபில்டர்?

என்.டி. ஃபில்டர் என்பது நிறத்தைத் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. அதன் விளிம்பில் பொறித்திருக்கும் எண் இரண்டு விதமாக இருக்கும். 8, 64, 1000 என்று இருந்தால் வெளிச்சம் எத்தனையில் ஒரு பங்காகக் குறைகிறது என்று பொருள். 0.9, 1.8, 3.0 என்று இருந்தால் அது ஒளி அடர்த்தி, ஒவ்வொரு 0.3-க்கும் ஒரு ஸ்டாப். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன: மூன்று, ஆறு, பத்து ஸ்டாப்.

வெயிலில் f/11, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஃபில்டர் இல்லாமல் 1/200 வினாடி. மூன்று ஸ்டாப் ஃபில்டர் போட்டால் 1/25 ஆகிறது, அதாவது மீண்டும் அதே கலங்கல். அபெர்ச்சரையும் f/22 வரை சுருக்கினால் 1/6 வரும், ஆனால் கூர்மை போய்விடும். ஆறு ஸ்டாப் போட்டால் 200-இல் 64 பங்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு வினாடிக்குச் சற்றுக் குறைவு. தேடிய அளவு நேராக வந்து நிற்கிறது, அபெர்ச்சரையும் நோகடிக்கவில்லை. பத்து ஸ்டாப் என்றால் ஐந்து வினாடி. நடுத்தர உயரமுள்ள அருவிக்கு அது மிக அதிகம். குறைக்க வேண்டுமானால் அபெர்ச்சரைத் திறக்க வேண்டும் அல்லது ஐ.எஸ்.ஓ.வை ஏற்ற வேண்டும், அதாவது போட்ட ஃபில்டரோடு நாமே மல்லுக்கட்ட வேண்டும். கடல் அலையைப் பனிமூட்டமாக்கவும் மேகத்தை இழுக்கவும் அது நல்ல கருவி. அருவிக்கு அல்ல.

வளையத்தைத் திருகித் திருகி வலிமையை மாற்றும் வேரியபிள் ஃபில்டர் ஒன்று இருக்கிறதே, அதை வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்துவிடாதா என்ற எண்ணம் எளிதில் வரும். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த இரண்டு போலரைசர்கள்தான் அது. குறைந்த வலிமையில் நன்றாக வேலை செய்யும், காணொளி எடுப்பவர்களுக்கு மிகவும் உதவும். ஆனால் வலிமையைக் கூட்டக் கூட்ட, படத்தின் குறுக்கே பெருக்கல் குறிபோல ஒரு கரிய நிழல் தோன்றும். அகலக்கோண லென்ஸில் அது சீக்கிரமே தலைகாட்டும். அருவிக்குத் தேவையான ஆறு ஸ்டாப் பெரும்பாலும் அந்த எல்லையை ஒட்டித்தான் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. வலிமைக்காக வளையத்தைத் திருப்பும்போதே ஈரப்பாறையின் பளபளப்பும் மாறும். இரண்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்த வழியில்லை. புகைப்படத்துக்கு மட்டும் என்றால் நிலையான வலிமையுள்ள ஃபில்டரையே நான் தேர்வேன்.

அதன் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. பல ஃபில்டர்கள் நிறத்தைத் தொடாமல் விடுவதில்லை. சற்றே பழுப்பாகவோ நீலமாகவோ சாயும், வலிமை கூடக் கூட இது அதிகமாகும். ஜே.பி.ஈ.ஜி.யாக மட்டும் எடுப்பவருக்கு இது தொல்லை. ரா கோப்பாக எடுப்பவர் வெள்ளைச் சமநிலையைத் திருத்திக்கொள்ளலாம். ஃபில்டர் மாட்டிய நிலையிலேயே ஒரு சாம்பல் அட்டையை அதே வெளிச்சத்தில் ஒரு முறை படமெடுத்து வைத்துக்கொண்டால் திருத்துவது எளிது. பொறித்த வலிமையும் உண்மையான வலிமையும் சற்று வேறுபடும். மூன்றில் ஒரு ஸ்டாப் வித்தியாசம் சாதாரணம்.

ஓர் அருவி, படிப்படியாக

இந்தக் கணக்கு இடத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஐந்து மீட்டர் அருவி. முற்பகல், நீர் முழுவதும் வெயிலில். வலப்புறம் ஈரமான கரும்பாறை, இடப்புறம் பாறையிடுக்கில் பெரணிச் செடிகள். ஃபுல் ஃபிரேம் கேமரா, 24 மி.மீ. லென்ஸ், முக்காலி.

முக்காலியை முடிந்தவரை ஓடும் நீருக்கு வெளியே நிறுத்துங்கள். கால் நீருக்குள் இருந்தால் ஓட்டம் அதைத் தொடர்ந்து அதிரவைக்கும். மரப்பாலத்தின் மேல் நிறுத்தினாலும் இதே கதி. சட்டகத்தை முடிவு செய்து, ஃபில்டர் மாட்டுவதற்கு முன்பே ஃபோகஸ் செய்து, லென்ஸை மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். மிரர்லெஸ் கேமராக்கள் ஆறு ஸ்டாப் ஃபில்டர் வழியாகவும் வெயிலில் ஃபோகஸ் பிடித்துவிடும். ஆனாலும் இந்த வரிசையைப் பழகிக்கொள்வது நல்லது, ஒவ்வொரு படத்துக்கும் ஃபோகஸ் இடம் மாறாமல் இருக்கும்.

இப்போது ஃபில்டர் இல்லாமல் ஒரு சோதனைப் படம்: f/11, ஐ.எஸ்.ஓ. 100, 1/200 வினாடி. மீட்டரை நம்பி எடுத்தால் கரும்பாறை மிகுந்த சட்டகத்தில் கேமரா கூடுதலாக வெளிச்சம் கொடுக்கும், வெண்ணீர் வெளுத்துவிடும். எனவே மேனுவல் முறையில் வைத்து, வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தை மட்டும் பாருங்கள். இந்தப் படத்தில் நீரின் அடர்த்தியான பகுதி வெளுத்துவிட்டதாகத் திரையில் மின்னி எச்சரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1/320-க்கு இறக்கினால் அந்த மின்னுதல் அடங்குகிறது. அதுவே நம் அடிப்படை அளவு.

1/320-ஐ 64-ஆல் பெருக்கினால் ஐந்தில் ஒரு பங்கு வினாடி. நாம் நினைத்தது மூன்றில் ஒரு பங்கு. இந்தச் சிறு இடைவெளியை நிரப்பத்தான் அபெர்ச்சர் இருக்கிறது. f/11-இலிருந்து f/14-க்குச் சுருக்கினால் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையும், ஷட்டர் மூன்றில் ஒரு பங்கு வினாடிக்குப் போய்விடும். பெரும் சுமையை ஃபில்டர் தூக்கட்டும், அபெர்ச்சர் கடைசித் திருத்தத்துக்கு மட்டும் வரட்டும் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஃபில்டரை மாட்டும்போது லென்ஸின் ஃபோகஸ் வளையமும் ஜூம் வளையமும் அசையாதபடி மறு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். டி.எஸ்.எல்.ஆர். கேமராவாக இருந்தால் பார்வைத் துளையை மூடிவிடுங்கள், பின்புறமிருந்து வெயில் உள்ளே புகுந்து மீட்டரைக் குழப்பும், நீண்ட நேரப் படங்களில் கறையாகவும் விழும். ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட்டு, இரண்டு வினாடி டைமரில் எடுங்கள்.

படம் வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் ஹிஸ்டோகிராம். சோதனைப் படத்தைவிட இடப்புறம் தள்ளியிருந்தால் ஃபில்டர் பொறித்த எண்ணைவிட வலுவானது, ஷட்டரைச் சற்றுக் கூட்டினால் போதும். அடுத்து வலப்புறப் பாறையின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே கோடு இரட்டையாகத் தெரிந்தால் முக்காலி அசைந்திருக்கிறது. பாறை கூர்மையாக இருந்து, பெரணி மட்டும் கலங்கியிருந்தால் அது காற்றின் வேலை.

அருவியின் அருகே காற்று ஓய்வதில்லை, விழும் நீரே காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. ஆகவே இதற்கு ஒரு மாற்று ஏற்பாடு கையில் இருக்க வேண்டும். ஃபில்டரைக் கழற்றாமல், எதையும் தொடாமல், ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றுங்கள். ஐந்து ஸ்டாப் கூடுவதால் ஷட்டர் 1/100-க்கு வந்துவிடும், பெரணி நின்றுவிடும். சற்றுப் புள்ளி விழுந்தாலும் இலைகளில் அது கண்ணை உறுத்தாது. பிறகு கணினியில் இரண்டு படங்களையும் அடுக்கி, முதல் படத்திலிருந்து நீரையும் பாறையையும், இரண்டாவதிலிருந்து இலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஃபில்டரைக் கழற்றி எடுத்தால் சட்டகம் இம்மியளவு நகர்ந்து, அடுக்கும்போது பொருந்தாமல் போகும்.

நிழல் வந்தால் கணக்கு மாறுகிறது

ஃபில்டரால் முடியாத ஒரு காரியம் உண்டு. அது எல்லா வெளிச்சத்தையும் ஒரே அளவில் குறைக்கிறது, வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதில்லை. அருவியின் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் இருந்தால், ஆறு ஸ்டாப் போட்ட பிறகும் அந்தப் பிளவு அப்படியே இருக்கும். வெயில் பட்ட பாதி வெளுக்கும், மறுபாதி இருளும். அப்படிப்பட்ட நேரத்தில் எந்த உபகரணமும் உதவாது. சூரியன் நகர்ந்து அருவி முழுவதும் நிழலுக்குள் வரும் வரை, அல்லது ஒரு மேகம் மறைக்கும் வரை காத்திருப்பதே வழி.

காத்திருந்தால் கிடைக்கும் பலன் பெரிது. திறந்த நிழலில் வெளிச்சம் வெயிலைவிட நான்கு ஸ்டாப் வரை குறைவு. வெயிலில் f/11-க்கு 1/200 என்றிருந்தது நிழலில் 1/13 ஆகிறது. இங்கே ஆறு ஸ்டாப் ஃபில்டர் போட்டால் ஐந்து வினாடி, அதிகம். இதற்குப் போலரைசர்தான் பொருத்தம். அது ஒன்றரை ஸ்டாப் முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சத்தைக் குறைக்கும். f/11-இல் கால் வினாடிக்கு நெருக்கமாக வந்துவிடலாம், f/16-க்குப் போனால் அரை வினாடி. சிறிய அபெர்ச்சர், குறைந்த ஐ.எஸ்.ஓ. என்ற பழைய அறிவுரை உண்மையில் பலிப்பது இந்த நிழலில்தான், வெயிலில் அல்ல. மூன்று ஸ்டாப் என்.டி. ஃபில்டர் ஏற்கெனவே கையில் இருந்தால் அதுவும் இங்கே நன்றாகப் பயன்படும்.

ஆனால் போலரைசர் வெளிச்சத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை. ஈரப்பாறையின் மேலும் நனைந்த இலையின் மேலும் வானத்தின் வெண்மை ஒரு மெல்லிய ஏடுபோல் படிந்திருக்கும். ஒரு ஈரக்கல்லைப் பார்த்தபடியே வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் அந்த ஏடு விலகி, கல்லின் செம்மையும் பாசியின் பச்சையும் வெளிப்படும். குளத்தின் அடியில் கிடக்கும் கூழாங்கற்களும் தெரிய வரும். இந்த மாற்றத்தைப் பின்னர் எந்த மென்பொருளாலும் செய்ய முடியாது, படத்தில் பதிவாகாத நிறத்தை எங்கிருந்து கொண்டுவருவது? நீர்ப்பரப்பை ஏறத்தாழ 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது இந்த விளைவு உச்சத்தில் இருக்கும், நேர்மேலிருந்து பார்த்தால் குறையும். நுரைத்து விழும் நீரின் வெண்மை இதனால் மங்காது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். சாரலில் வானவில் தெரியும் நேரத்தில் வளையத்தைத் தவறான பக்கம் திருப்பினால் வானவில் மறைந்துவிடக்கூடும். வானவில்லின் ஒளியும் போலரைஸ் ஆனதுதான். அப்போது பளபளப்பை மறந்துவிட்டு, வில் பிரகாசமாகத் தெரியும் இடத்தில் வளையத்தை நிறுத்துங்கள்.

வெயிலில் இரண்டையும் சேர்த்து மாட்டலாமா என்றால் மாட்டலாம். அகலக்கோண லென்ஸில் இரண்டு வளையங்களின் தடிமன் சட்டகத்தின் மூலைகளில் கரு நிழலாக விழக்கூடும். மாட்டியதும் நான்கு மூலைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டரே வேண்டாம் என்பவர்களுக்கு

குறுகிய நேரப் படங்கள் பலவற்றை எடுத்துச் சராசரியாக்கும் முறை கேட்பதற்கு மிகக் கவர்ச்சியானது. வாங்க வேண்டியது எதுவுமில்லை, நிறச்சாய்வும் இல்லை. பதினாறு படங்களைச் சேர்த்தால் படத்தில் விழும் புள்ளி இரைச்சல் கால் பங்காகக் குறைகிறது என்பது கூடுதல் லாபம். ஃபோட்டோஷாப்பில் படங்களை அடுக்கி ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக்கி, Stack Mode என்பதில் Mean என்று தேர்ந்தால் வேலை முடிந்தது.

சிக்கல் படங்களுக்கு இடையிலான இடைவெளியில் இருக்கிறது. வினாடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராவில் ஒவ்வொரு படமும் 1/100 வினாடி என்றால், ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான் நீர் பதிவாகிறது. மீதி நேரத்தில் நீர் எங்கே போனது என்று கேமராவுக்குத் தெரியாது. அதனால் இழை தொடர்ச்சியாக வராமல் துண்டு துண்டாக விழுகிறது. படங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வழவழப்பாகும். ஆனால் அந்த வழவழப்பு பொடி தூவியதுபோல் இருக்கும், நூல்போன்ற ஓட்டம் அதில் இராது. குளத்தின் அமைதியான நீருக்கும் தொலைவிலுள்ள அருவிக்கும் இது போதும். அருவியை நெருங்கி நின்று இழைகளைக் காட்ட நினைப்பவருக்குப் போதாது.

இந்தச் சேர்ப்பைக் கேமராவே இடைவெளி தெரியாதபடி செய்யும் வசதியும் வந்திருக்கிறது. ஒலிம்பஸ் நிறுவனம் 2019-இல் தன் கேமராவில் கொண்டுவந்த இந்த வசதி, பின்னர் வந்த ஓ.எம்.-1 கேமராவில் ஆறு ஸ்டாப் வரை வளர்ந்தது. அத்தகைய கேமரா கையில் இருந்தால் தனியாக ஃபில்டர் வாங்கும் முன் அதைச் சோதித்துப் பார்க்கலாம். கைப்பேசிகளில் பெரும்பாலும் அபெர்ச்சர் மாறாதது, எனவே சிறிய அபெர்ச்சர் என்ற வழியே அங்கே இல்லை. ஐபோனில் 2017 முதல் லைவ் ஃபோட்டோவுக்கு Long Exposure என்ற தேர்வு இருக்கிறது. பட அளவு சற்றுக் குறைந்தாலும் திரையில் பார்ப்பதற்கு அதன் விளைவு நன்றாகவே இருக்கும்.

வாங்கும்போது

ஆறு ஸ்டாப் என்று முடிவான பிறகு, திருகு வளையமா சதுரக் கண்ணாடியா என்ற கேள்வி வரும். சதுரத்தை மாட்டுவதும் கழற்றுவதும் விரைவு. ஆனால் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் சாரல் புகுந்தால் துடைப்பது பெரும்பாடு, பக்கவாட்டு ஒளியும் நுழையும். அருவியடியில் திருகு வளையமே நிம்மதி. உங்களிடமுள்ள லென்ஸ்களில் எதன் முன்விட்டம் பெரியதோ அந்த அளவில் ஒரே ஃபில்டர் வாங்கி, சிறிய லென்ஸ்களுக்கு இணைப்பு வளையம் போட்டுக்கொள்ளலாம். 77 அல்லது 82 மி.மீ. வாங்கினால் பெரும்பாலான லென்ஸ்களுக்கு ஒத்துவரும். இணைப்பு வளையம் போட்டால் லென்ஸ் ஹூட் பொருந்தாது, வெயில் பக்கவாட்டில் விழுந்தால் கையால் மறைக்க வேண்டியிருக்கும். வளையம் பித்தளையாக இருந்தால் அலுமினியத்தைப்போல் இறுகிச் சிக்கிக்கொள்வது குறைவு. எந்த உலோகமானாலும் முழு பலத்தோடு திருகாமல், அசையாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். நனைந்த கையால் சிக்கிய வளையத்தைக் கழற்றப் போராடும் நேரத்தில் வெளிச்சம் மாறிவிடும்.